ஆறு இழுக்கும், சுக்கான் திருத்தும்

நீர்த்தேக்கத்தில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, ஆற்றின் அடியில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்க்க இப்போது ஆளில்லாச் சிறு படகுகளை விடுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம் இருக்கும். பின்னால் ஒரு மோட்டார், ஒரு சுக்கான். அடியில் ஆழத்தை அளக்கும் ஒலிக்கருவி. கரையில் இருப்பவர் கணினி வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால், படகு ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தானாகவே போகும். இந்தப் புள்ளிகளை வழிப்புள்ளிகள் என்கிறோம். ஏரியில் இது பெரிய வித்தையில்லை. ஓடும் தண்ணீரில் விட்டதும்தான் கதை மாறுகிறது.

முதன்முதலாகப் படகுக்கு நிரல் எழுதுபவர்கள் எல்லோருக்கும் தோன்றும் வழி ஒன்றுதான்: இலக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிட்டு, மூக்கை அந்தப் பக்கம் திருப்பு, சேரும்வரை இதையே செய்துகொண்டிரு. எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா? சேரும்தான். ஆனால் எந்த வழியாகச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

600 மீட்டர் அகலமுள்ள ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். இலக்கு நேர் எதிர்க்கரையில். படகு தண்ணீரில் நொடிக்கு 1.5 மீட்டர் போகும். ஆறு நொடிக்கு 0.5 மீட்டர் ஓடுகிறது. புறப்பட்ட கணத்திலிருந்தே தண்ணீர் படகைக் கீழே தள்ளுகிறது. படகோ கீழே வந்துவிட்ட இடத்திலிருந்து மறுபடி இலக்கைப் பார்த்து மூக்கைத் திருப்புகிறது. அதற்குள் இன்னும் கொஞ்சம் கீழே போய்விடுகிறது. இப்படியே போனால் பாதை வில்லாக வளையும். கணக்குப் போட்டால், ஆற்றில் 388 மீட்டர் கடந்த இடத்தில் படகு நேர்கோட்டிலிருந்து 75 மீட்டர் கீழே இருக்கும். அங்கிருந்து மெல்ல மேலேறி, கடைசியில் ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு இலக்கைத் தொடும். மொத்தம் 450 நொடி.

நேர்கோட்டிலேயே போயிருந்தால் 424 நொடி. நேரத்தில் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் அந்த 75 மீட்டரில்தான். ஆழம் அளக்கப் போன படகு, அளக்கச் சொன்ன இடத்தை அளக்கவே இல்லை. கோட்டுக்குக் கீழே ஒரு பாறையோ மணல்திட்டோ இருந்தால் படகும் மிஞ்சாது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர் எதிர்க்கரையின் படித்துறையைப் பார்த்துத் துடுப்பு போடுவதில்லை. ஓட்டம் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுக்கு மேல்புறமாகவே பரிசலைத் திருப்பி வைத்துக்கொள்வார். நம் படகுக்கும் அதைத்தான் சொல்லித்தர வேண்டும். மேலே சொன்ன ஆற்றில் மூக்கை நேர்கோட்டிலிருந்து 19.5 டிகிரி ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிவைத்தால், படகின் வேகத்தில் நொடிக்கு 0.5 மீட்டர் ஆற்றை எதிர்ப்பதிலேயே செலவாகிவிடும். மீதி 1.41 மீட்டர் அக்கரை நோக்கிப் போகும். கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு கோணலாகத் திரும்பிக்கொண்டு நேராகப் போவதுபோலத் தெரியும்.

இதற்குப் படகுக்கு இரண்டு விஷயங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மூக்கு எங்கே பார்க்கிறது என்பது ஒன்று. அதைச் சொல்வது மின்னணுத் திசைகாட்டியும் கைரோவும். உடம்பு எங்கே நகர்கிறது என்பது இன்னொன்று. அதைச் சொல்வது ஜிபிஎஸ். ஜிபிஎஸ் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜிபிஎஸ் காட்டுவது நகரும் திசையை மட்டுமே. படகு நின்றுவிட்டாலோ மிக மெதுவாகப் போனாலோ அந்தத் திசை நாலாபுறமும் அலைபாயும். தவிர, ஓட்டம் இழுக்கும்போது இந்த இரண்டு திசைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய தகவலே.

சரி, 19.5 டிகிரி திரும்பு என்று சொன்னால் படகு திரும்பிவிடுமா? சுக்கான் காரின் ஸ்டீயரிங் போல வேலை செய்வதில்லை. திருப்பிய சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் படகு சுழன்றுகொண்டே இருக்கும். தண்ணீரில் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அனுபவமுள்ள மாலுமி மூக்கு சரியான திசைக்கு வருவதற்குச் சற்று முன்பே சுக்கானை எதிர்ப்புறம் திருப்பிச் சுழற்சியை அடக்குவார். 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, மாலுமிகள் செய்யும் இதைத்தான் கணிதமாக எழுதினார். எவ்வளவு விலகியிருக்கிறோம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறோம், எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் விலகியே இருக்கிறோம் என்ற மூன்றையும் கூட்டிச் சுக்கானை முடிவு செய்யும் அந்த முறைதான் இன்று பிஐடி என்ற பெயரில் ஆலைகள் முதல் டிரோன்கள் வரை இருக்கிறது. அது பிறந்தது கப்பலின் சுக்கானுக்காக.

இதில் சுழற்சியைப் பார்க்கும் இரண்டாவது பகுதி குறைந்துவிட்டால் படகு பாம்பு போல நெளிந்து போகும். திரும்பி வந்ததும் பயணப் பதிவைத் திறந்து பார்த்தால் தெரியும்; அதற்கு முன்பே கரையில் நிற்பவருக்குச் சுக்கானைத் திருப்பும் சர்வோ மோட்டார் ஓயாமல் கிர்கிர் என்று கத்துவதும் கேட்கும். இன்னொரு எல்லையும் உண்டு. சுக்கானை ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் திருப்பினால் பலனில்லை. தண்ணீர் அதன் முதுகை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும், படகைத் தடுக்க மட்டுமே பயன்படும். சுக்கானின் பிடி தண்ணீர் அதன்மேல் பாயும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பிடி கால்பங்காகிவிடும். அதனால் திருப்பத்தில் மோட்டாரை அணைத்துவிடும் நிரல், திரும்ப வேண்டிய நேரத்தில் படகின் கையைக் கட்டிவிடுகிறது.

சுக்கான்தான் இந்தப் படகுகளின் உயிர்நாடி என்பதற்கு ‘சீசார்ஜர்’ நல்ல உதாரணம். தனி ஒருவர் வீட்டில் கட்டிய, சூரிய மின்சாரத்தில் ஓடும் அந்த ஆளில்லாப் படகு, 2016இல் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டுப் பசிபிக் கடலில் தானாகவே ஹவாய் சேர்ந்தது. பிறகு நியூசிலாந்தை நோக்கிக் கிளம்பி, பெரும்பகுதியைக் கடந்த நிலையில் சுக்கான் செயலிழந்தது. திரும்ப முடியாமல் மிதந்த அதை ஒரு சரக்குக் கப்பல்தான் கடலிலிருந்து தூக்கியது.

இனி கோட்டைப் பிடிக்கும் கதை. படகு இலக்கைப் பார்க்கக் கூடாது. முந்தைய புள்ளியையும் அடுத்த புள்ளியையும் சேர்க்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். வழக்கமான முறை, கோட்டின் மேல் சற்று முன்னால், உதாரணமாக 10 மீட்டர் தள்ளி, ஒரு கற்பனைப் புள்ளியை வைத்து அதைத் துரத்தச் செய்வது. படகு நகர நகர அந்தப் புள்ளியும் நகரும். கோட்டை விட்டு விலகினால் மூக்கு தானாகக் கோட்டை நோக்கித் திரும்பும்.

அழகான முறை, ஆனால் ஓட்டத்தில் ஒரு குறை தங்கிவிடும. மூக்கு 19.5 டிகிரி திரும்பியிருக்க வேண்டுமானால் படகு கோட்டை விட்டு விலகியே இருக்க வேண்டும். விலகினால்தானே மூக்கு திரும்பும்! நம் ஆற்றில் அந்த விலகல் சுமார் 3.5 மீட்டர். படகு கோட்டுக்கு இணையாக, அதற்கு 3.5 மீட்டர் கீழே, கடைசிவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். பதிவில் இப்படி ஒரு நேர்த்தியான இணைகோட்டைக் கண்டால் ஓட்டத்துக்கான திருத்தம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். இதற்குத்தான் மினோர்ஸ்கியின் மூன்றாவது பகுதி: எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் விலகியிருக்கிறோம் என்பதைச் சேர்த்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூக்கை எதிர்ப்புறம் திருப்புவது. விலகல் பூஜ்யமாகும்போது சேமிப்பில் அந்த 19.5 டிகிரி மட்டும் நிற்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆழம் அளக்கும் படகு அக்கரை போனதும் திரும்பி, பக்கத்துக் கோட்டில் இக்கரை வர வேண்டும். போகும்போது ஆறு வலப்பக்கம் தள்ளியது, அதனால் சேமிப்பில் ‘இடப்பக்கம் 19.5’ என்று இருக்கிறது. திரும்பி வரும்போது ஆறு இடப்பக்கம் தள்ளுகிறது. இப்போது தேவை வலப்பக்கம் 19.5. பழைய எண்ணையே வைத்துக்கொண்டால் படகு தானும் கீழே போகும், ஆறும் கீழே தள்ளும். இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கோட்டை விட்டு விழும். சேமிப்பு தன்னைத் திருத்திக்கொள்வதற்குள் கோட்டின் முதல் பகுதி வீணாகிவிடும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சேமிப்பை அழித்துவிடலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு கோட்டிலும் ஆற்றை முதலிலிருந்து கற்க வேண்டும். என் கருத்தில் நல்ல வழி, கோணத்தை நினைவில் வைக்காமல் ஆற்றை நினைவில் வைப்பது. ‘தண்ணீர் தெற்கு நோக்கி நொடிக்கு 0.5 மீட்டர் ஓடுகிறது’ என்று தெரிந்திருந்தால் படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மாறாது. வேண்டிய கோணத்தை அந்தந்தக் கோட்டுக்கு அங்கேயே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஜிபிஎஸ் காட்டும் நகர்விலிருந்து படகு தண்ணீரில் போகும் நகர்வைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஓட்டம்.

சேமிப்பு ஒரு கோளாறையும் மறைத்துவிடும். திசைகாட்டிப் பெட்டியைச் சற்றுக் கோணலாகப் பொருத்தியிருந்தாலும் படகு விலகும்; நிரல் அதையும் ஓட்டம் என்று நினைத்துச் சரிசெய்துகொள்ளும். கண்டுபிடிக்கும் வழி எளிது: ஒரே கோட்டில் போய்த் திரும்புங்கள். திருத்தம் போகும்போது இடம், வரும்போது வலம் என்று மாறினால் அது ஆறு. இரு தடவையும் ஒரே பக்கம் என்றால் பெட்டி கோணல். மோட்டாருக்குப் போகும் மின்கம்பி திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஓடினால் வரும் கோளாறு இன்னும் தந்திரமானது. அது திசைக்குத் திசை மாறி ஆற்றைப் போலவே நடிக்கும். அதைக் கரையிலேயே பிடித்துவிடலாம். படகை அசையாமல் வைத்து மோட்டாரை முடுக்கிப் பாருங்கள். திசை எண் நகர்ந்தால் கம்பியைத் தள்ளிவைக்க வேண்டும்.

எந்த நிரலாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. குறுக்கே ஓடும் தண்ணீர் படகைவிட வேகமாக இருந்தால், எந்தக் கோணத்தில் திரும்பினாலும் கோட்டில் நிற்க முடியாது. படகு மூக்கை முழுக்க ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு, முழு வேகத்தில் ஓடியபடியே பின்னால் போகும். இலக்குக்கான தூரம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறினால் பயணத்தைக் கைவிட்டுப் பக்கத்துக் கரைக்குத் திரும்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். ஆற்றின் நடுவில் ஓட்டம் கரையோரத்தைவிட வேகமானது. அதனால் கரையில் நின்று பார்த்த ஓட்டத்தை நம்பி இந்த முடிவை எடுக்க முடியாது.

அதற்கு முதலில் அளக்க வேண்டியது இரண்டு எண்கள். ஆற்றின் நடுவே ஓட்டத்தோடு ஒரு முறையும் ஓட்டத்தை எதிர்த்து ஒரு முறையும், மோட்டாரை ஒரே வேகத்தில் வைத்துப் படகை ஓட்டுங்கள். ஜிபிஎஸ் வேகம் கீழே போகும்போது 2 மீட்டர், மேலே வரும்போது 1 மீட்டர் என்று காட்டினால், இரண்டின் சராசரி 1.5 படகினுடையது, வித்தியாசத்தில் பாதி, 0.5, ஆற்றினுடையது. பிறகு மோட்டாரை அணைத்துச் சற்று மிதக்க விடுங்கள். ஜிபிஎஸ் அதே 0.5ஐக் காட்டினால் கணக்கு சரி. அதைவிட அதிகமாகவோ வேறு திசையிலோ காட்டினால், தண்ணீரோடு காற்றும் சேர்ந்து படகைத் தள்ளுகிறது.