தேடி வந்தவருக்கு என்ன எழுதுவது?

கூகுள் வரைபடத்தில் ஒரு கடையின் பெயரைத் தொட்டால் முகவரி, திறந்திருக்கும் நேரம், வாடிக்கையாளர் மதிப்புரைகள் எல்லாம் வரும். சற்றுக் கீழே போனால், கடைக்காரரே எழுதிப் போட்ட சிறு அறிவிப்புகளும் இருக்கும். கடை உரிமையாளர் தன் பிசினஸ் புரொஃபைலுக்குள் போய் ‘Add update’ என்பதை அழுத்தி இவற்றை எழுதலாம். காசு எதுவும் கிடையாது. 2017-இல் வந்த இந்த வசதியைப் பலர் தொடுவதே இல்லை. தொடுகிறவர்களில் பலர், காலையில் இன்ஸ்டாகிராமில் போட்டதை அப்படியே நகலெடுத்து இங்கும் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே நூறு பேரை நிறுத்திய வாசகம் இங்கே ஒருவருக்கும் உதவாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது.

இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ நம் பதிவைப் பார்ப்பவர் நம்மைத் தேடி வரவில்லை. பேருந்தில் உட்கார்ந்து எதையெதையோ தள்ளிக்கொண்டே போகிறார். நடுவில் நாம் வருகிறோம். அவர் விரலை நிறுத்துவதுதான் அந்தப் பதிவின் முதல் வேலை. வரைபடத்தில் பார்ப்பவரோ, ‘பக்கத்தில் பிளவுஸ் தைக்கும் கடை’ என்று தானே தேடி, மூன்று நான்கு கடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர். அவர் ஏற்கெனவே நின்றுவிட்டார். ‘இந்தக் கடைக்குப் போகலாமா, வேண்டாமா?’ என்ற ஒரே கேள்விதான் அவரிடம் இருக்கிறது. இங்கே எழுதுவது அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்குகிறது. இன்ஸ்டாகிராமில் அவர்கள் இப்படி எழுதலாம்:

“பட்டுப் புடவைக்கு மயில் டிசைனா, தாமரையா? உங்க சாய்ஸ் எதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஆரி ஒர்க் பிடிச்ச தோழியை டேக் பண்ணுங்க. விலை தெரிய டிஎம் பண்ணுங்க, லிங்க் பயோவில்.”

அந்த இடத்துக்கு இது நல்ல பதிவு. கேள்வி கேட்கிறது, பதில் வாங்குகிறது, தோழியையும் கூட்டிவரச் சொல்கிறது. இதையே வரைபடத்தில் ஒட்டினால் ஒவ்வொரு வரியும் காலை இழந்து நிற்கும். அங்கே டேக் செய்ய வழியில்லை. ‘பயோ’ என்று ஓர் இடமே இல்லை. ஹேஷ்டேக் போட்டால் அது வெறும் எழுத்துதான். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. விலை கேட்டு டிஎம் அனுப்பச் சொன்னால், அடுத்த கடையின் பெயரைத் தொடுவது அவருக்கு அதைவிட எளிது.

அதே கடை வரைபடத்துக்கு எழுத வேண்டியது இது:

“தீபாவளி பிளவுஸ் ஆர்டர் அக்டோபர் 25 வரை எடுக்கிறோம். லைனிங் பிளவுஸ் தையல் கூலி 450 ரூபாயிலிருந்து. ஐந்து நாளில் தருவோம். ஆரி வேலைக்குப் பத்து நாள் ஆகும். சரியாகப் பொருந்தும் அளவு பிளவுஸ் ஒன்று கொண்டுவாருங்கள்.”

முதல் வாக்கியத்திலேயே முக்கியமான செய்தி வந்துவிட்டதைப் பாருங்கள். 1,500 எழுத்துகள் வரை எழுத இடமுண்டு என்றாலும், தொடுவதற்கு முன் கண்ணில் படுவது தொடக்கத்துச் சில சொற்கள் மட்டுமே. “எங்கள் அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்” என்று ஆரம்பித்தால் அந்த இடம் வணக்கத்திலேயே தீர்ந்துவிடும். அடுத்து விலை, நாள், என்ன கொண்டுவர வேண்டும் என்பவை வருகின்றன. கடைக்குப் போன் வந்தால் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இவைதான். எதை எழுதுவது என்று தெரியாதவர்கள், ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளைக் குறித்து வைத்தாலே போதும்.

போன் எண் ஏன் இல்லை என்று தோன்றலாம். பதிவின் உள்ளே எண்ணை எழுதுவதைக் கூகுளின் விதிகள் அனுமதிப்பதில்லை. எழுதினால் பதிவு நிராகரிக்கப்படலாம். ஃபேஸ்புக் பதிவுகளின் கடைசி வரியில் எண்ணைப் போட்டுப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். எண்ணுக்குப் பதிலாக ‘Call now’ என்ற பொத்தானைச் சேர்க்க வேண்டும். புரொஃபைலில் உள்ள எண்ணையே அது அழைக்கும். பதிவைப் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாமல், அது வெளியாகியிருக்கிறதா, ‘Not approved’ என்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறொருவர் போனில் கடைப் பெயரைத் தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது.

காலம் என்ற விஷயத்தில் இரண்டும் முற்றிலும் வேறு. இன்ஸ்டாகிராம் பதிவு ஓரிரு நாளில் மற்றவற்றின் அடியில் போய்விடும். வரைபடத்தில் போட்ட சாதாரண அப்டேட் ஆறு மாதம் வரை அங்கேயே இருக்கக்கூடும். அதனால் ‘இன்று’, ‘நாளை’, ‘இந்த வாரம்’ போன்ற சொற்கள் அங்கே ஆபத்தானவை. “நாளை கடைசி நாள்” என்பதை டிசம்பரில் படிப்பவர் குழம்புவார், அல்லது இந்தக் கடையை யாரும் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்று நினைப்பார். தேதியை எண்ணாலேயே எழுத வேண்டும். நம் தையல் கடை அக்டோபர் 26 அன்று அந்தப் பதிவை அழித்துவிட்டு, “தீபாவளி ஆர்டர் முடிந்தது, புதிய துணிகளை நவம்பர் 12 முதல் வாங்குகிறோம்” என்று மாற்ற வேண்டும். தள்ளுபடி என்றால் அதற்கென்றே ‘Offer’ என்ற வகை இருக்கிறது. தொடக்க நாளும் முடிவு நாளும் கொடுத்தால் அவை பதிவிலேயே தெரியும்.

படத்திலும் வேறுபாடு உண்டு. ஃபீடில் எழுத்து நிறைந்த வண்ணப் போஸ்டர் எடுபடலாம். வரைபடத்தில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும்; போஸ்டரின் தேதியும் விலையும் அதோடு போய்விடும். தைத்து முடித்த பிளவுஸின் கழுத்து வேலையை, நல்ல வெளிச்சத்தில், நடுவில் வைத்து எடுத்த ஒரு படம் போதும். செய்தி எழுத்தில் இருக்கட்டும்.

இந்த அப்டேட் செய்ய முடியாத வேலை ஒன்றும் உண்டு. தீபாவளிக்கு இரண்டு நாள் கடை மூடல் என்றால், அதை அப்டேட்டாக மட்டும் எழுதினால் புரொஃபைலின் நேரப் பகுதி ‘திறந்திருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். வருபவர் நம்புவது அந்த நேரப் பகுதியைத்தான். எனவே விடுமுறையைச் சிறப்பு நேரத்துக்கான இடத்தில் முதலில் மாற்ற வேண்டும். அப்டேட் அதன் காரணத்தைச் சொல்லலாம்.

பலனை அளப்பதும் வேறு விதம். ஃபீடில் லைக், கமெண்ட், பகிர்வு என்று எண்ணிப் பார்க்கலாம். வரைபடப் பதிவுக்குக் கைதட்டல் கிடைக்காது. புரொஃபைலின் செயல்திறன் பக்கத்தில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பது இருக்கும். ஆனால் அது மொத்தப் புரொஃபைலின் கணக்கு. ஒரு பதிவால் வந்தவை எவை என்று அது பிரித்துச் சொல்லாது. அதைவிடத் தெளிவான அடையாளம் கடையிலேயே கிடைக்கும். வருகிறவர் கையில் அளவு பிளவுஸ் இருந்தால், ஆரி வேலைக்குப் பத்து நாள் என்பதை அவரே சொன்னால், அந்த ஐந்து வாக்கியங்களும் தம் வேலையைச் செய்துவிட்டன.