சுவடில்லாமல் ஒரு கணுவை நீக்குவது

கணினிக்குள் எண்களை வரிசையாக வைத்துக்கொள்ள ஒரு பழைய வழி தேடுமரம். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருக்கும். அதைவிடச் சிறியவை இடப்பக்கம் தொங்கும், பெரியவை வலப்பக்கம் தொங்கும். புதிய எண்ணைச் சேர்ப்பது சுலபம். இடமா வலமா என்று கேட்டுக்கொண்டே இறங்கி, காலியாக இருக்கும் இடத்தில் தொங்கவிட்டால் போதும்.

சிக்கல் நீக்கும்போதுதான் வருகிறது. அடியில் இருக்கும் இலையைக் கிள்ளி எறிவதில் தொல்லையில்லை. நடுவில் இருக்கும் கணுவைப் பிடுங்கினால், அதன் இரண்டு பிள்ளைகளும் அந்தரத்தில் நிற்கும். மேலே அவர்களைப் பிடிக்கக் காலியாக இருப்பதோ ஒரே ஒரு கை.

தாமஸ் ஹிப்பர்ட் 1962-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். நீக்க வேண்டிய எண்ணின் இடத்தில், வரிசையில் அதற்கு அடுத்து வரும் எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிடலாம். விடை சரியாகவே வரும். ஆனால் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால், சேர்ப்பதும் நீக்குவதும் பல காலம் மாறி மாறி நடக்கும்போது மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. நீக்கிய ஒவ்வொரு எண்ணும் மரத்தில் ஒரு தடம் விட்டுப் போகிறது.

அந்தத் தடமே விழாத ஒரு மரத்தை 1989-இல் ரைமுண்ட் சைடலும் சிசிலியா அரகானும் முன்வைத்தார்கள். அரகான் விமானத்தில் வானச் சாகசம் செய்யும் வீராங்கனையும்கூட. அந்த மரத்தின் பெயர் ட்ரீப். மரம் என்பதற்கான ‘ட்ரீ’, குவியல் என்பதற்கான ‘ஹீப்’ இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. ட்ரீப்பில் ஒவ்வொரு கணுவும் தன் எண்ணோடு முன்னுரிமை என்ற இன்னொரு எண்ணையும் வைத்திருக்கும். கணு உள்ளே வரும்போதே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அது கிடைக்கிறது. விதிகள் இரண்டு. எண்கள் இடம்–வலமாக வரிசையில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் முன்னுரிமையும் பெற்றோருடையதை மிஞ்சக் கூடாது.

இப்படி ஒரு ட்ரீப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைப்புக்குறிக்குள் இருப்பது முன்னுரிமை.

```
             50(95)
           /        \
      30(80)        70(72)
      /    \        /    \
  20(40) 40(65) 60(50) 80(30)
```

வேரில் இருக்கும் 50-ஐ நீக்க வேண்டும். அதை இருந்த இடத்திலேயே பிடுங்க மாட்டோம். படிப்படியாகக் கீழே இறக்கி, இலையாக்கிய பிறகு கிள்ளிவிடுவோம். இறக்கும் கருவி சுழற்சி. ஒரு பிள்ளை மேலே ஏறும், பெற்றோர் மறுபக்கமாகக் கீழே இறங்கும். இருவருக்கும் நடுவில் தொங்கிய கிளை மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும். எண்களின் இடம்–வல வரிசை இதில் குலைவதே இல்லை.

எந்தப் பிள்ளையை ஏற்றுவது? முன்னுரிமை அதிகமுள்ள பிள்ளையைத்தான். 30-இன் முன்னுரிமை 80, 70-இன் முன்னுரிமை 72. ஆகவே 30 வேராகிறது. 50 அதன் வலப்பிள்ளையாக இறங்குகிறது. இதுவரை 30-இன் கையில் இருந்த 40 இப்போது 50-இன் இடக்கைக்கு வருகிறது.

இப்போது 50-க்குக் கீழே 40-உம் 70-உம் நிற்கின்றன. 65-ஐவிட 72 பெரியது. 70 ஏறுகிறது, அதனிடமிருந்த 60 என்ற கணு 50-இன் கைக்கு வருகிறது. அடுத்த போட்டி 40-க்கும் 60-க்கும். 50-ஐவிட 65 பெரியது என்பதால் 40 ஏறுகிறது. இனி 50-க்கு 60 மட்டுமே மீதி. அதையும் மேலே ஏற்றினால், நான்காவது சுழற்சியில் 50 இலையாகிவிடும். கிள்ளிவிடலாம்.

```
      30(80)
      /    \
  20(40)   70(72)
           /    \
       40(65)  80(30)
           \
          60(50)
```

இந்தப் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். 50 என்ற எண்ணையே அறியாத ஒருவர், மீதியுள்ள ஆறு கணுக்களை மட்டும் வைத்து மரம் கட்டினால் என்ன வரும்? முன்னுரிமை மிகுந்த 30 வேராகும். அதற்கு வலப்பக்கம் போக வேண்டியவற்றில் 70 தலைமை ஏற்கும். அதன் இடப்பக்கம் 40, அதற்கு வலக்கையில் 60. அச்சு அசலாக இதே மரம்! முன்னுரிமைகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், இரண்டு விதிகளுக்கும் பொருந்தும் மரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எனவே 50 இங்கே வாழ்ந்து போனதற்குச் சாட்சியே கிடையாது.

ஹிப்பர்டின் வழியை இங்கே கொண்டுவந்தால் இந்தக் குணம் போய்விடும். 50-இன் இடத்தில் 60 என்ற எண்ணை மட்டும் எழுதி, 95 என்ற முன்னுரிமையை அப்படியே விட்டால், இரண்டு விதிகளும் மீறப்படாது. ஆனால் 60-க்குக் குலுக்கலில் விழுந்தது 50. இப்போது அது வைத்திருப்பதோ அடுத்தவரின் 95. முன்னுரிமைகள் குலுக்கலாக இருப்பதை நம்பித்தான் ட்ரீப்பே நிற்கிறது. அவை பழைய வரலாற்றைச் சுமக்கத் தொடங்கினால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

இத்தனை சுழற்சிகள் செலவு இல்லையா? எண்ணிப் பார்க்கலாம். நீக்கும் கணுவின் இடப்பிள்ளையில் தொடங்கி வலக்கையாகவே இறங்கும் சங்கிலி ஒன்று. நம் மரத்தில் 30, 40. வலப்பிள்ளையில் தொடங்கி இடக்கையாக இறங்கும் சங்கிலி இன்னொன்று, 70, 60. மொத்தம் நான்கு, அதனால்தான் நான்கு சுழற்சி. வரிசையில் ஒட்டி நிற்கும் எண் அந்தச் சங்கிலியில் இருக்கும் வாய்ப்பு 1/2. அடுத்ததற்கு 1/6, அதற்கடுத்ததற்கு 1/12. எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டே போனாலும் கூட்டுத்தொகை 1-ஐத் தொடாது. இரண்டு பக்கமும் சேர்த்து, சராசரிச் சுழற்சி 2-க்கும் குறைவு. மரத்தில் நூறு எண்கள் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் இதுதான் கணக்கு. உண்மையான செலவு கணுவைத் தேடி இறங்குவதில்தான் இருக்கிறது. பத்து லட்சம் எண்களுக்கு அது சராசரியாக 25 படிகள். இவை சராசரிகள் மட்டுமே. குலுக்கல் மோசமாக விழுந்தால் மரம் நீளமாகவும் தொங்கலாம், ஆனால் அது மிக அரிது.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான். `t` என்பது நீக்க வேண்டிய கணு. ஒரே பிள்ளை மீதி இருக்கும்போது கடைசிச் சுழற்சியை மிச்சப்படுத்தி, அந்தப் பிள்ளையை நேரே மேலே கொடுத்துவிடுகிறோம்.

```
def remove(t):
    if t.left is None: return t.right
    if t.right is None: return t.left
    if t.left.pri > t.right.pri:
        t = rotate_right(t)
        t.right = remove(t.right)
    else:
        t = rotate_left(t)
        t.left = remove(t.left)
    return t
```

இதில் தடுக்கி விழும் இடம் அந்த `>` குறி. அதைத் திருப்பிப் போட்டுவிட்டால், முதல் சுழற்சியில் 70 வேராகிவிடும். 80 முன்னுரிமை உள்ள 30, 72 உள்ள 70-க்குக் கீழே போய்ச் சேரும். நிரல் நிற்காது. தேடினால் எண் கிடைக்கும், வரிசையாக அச்சிட்டாலும் சரியாகவே வரும். மரத்தின் வடிவம் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். ஆகவே விடையை மட்டும் சோதித்தால் இந்தப் பிழை சிக்காது. ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் எல்லாக் கணுக்களிலும் பிள்ளையின் முன்னுரிமை பெற்றோருடையதை மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னும் கறாரான சோதனை வேண்டுமென்றால், மீதியுள்ள கணுக்களை அதே முன்னுரிமைகளோடு புதிய மரமாகக் கட்டி, இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு கிளை மாறியிருந்தாலும், நீக்கிய எண் ஒரு சுவடை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது.