ஜூன் மாத நோட்டை ஜனவரியில் தைக்கலாமா?

மே மாதக் கடைசியில் நோட்டுக் கடைக்குப் போயிருப்பீர்கள். முண்டியடித்து நிற்கும் கூட்டத்தில் உங்கள் அப்பாவின் சட்டை கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதே கடைக்கு ஆகஸ்டில் போனால் கடைக்காரர் மேஜையில் கை ஊன்றிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நோட்டு வருடம் முழுக்கத் தேவைதான். ஆனால் பள்ளி திறக்கும் வேளையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தேவைப்படுகிறது.

கடைக்காரரைவிட இதனால் அதிகம் திண்டாடுபவர் நோட்டுச் செய்பவர். சிவகாசிப் பக்கம் போனால் நோட்டுப் பட்டறைகளைப் பார்க்கலாம். தாளுக்குக் கோடு போடும் இயந்திரம், மடிக்கும் மேஜை, முதுகில் பின் அடிக்கும் இயந்திரம், மூன்று பக்கமும் ஓரம் வெட்டும் கத்தி என்று ஒவ்வொரு நோட்டும் பல கைகள் மாறித்தான் வெளியே வருகிறது. மே மாதத்தில் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதற்காக அந்தக் கைகள் திடீரென்று பத்து மடங்கு வேகத்தில் ஓட முடியுமா?

நாமே ஒரு சிறு பட்டறை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. ஆனால் கணக்குப் போடும் முறை உண்மையான தொழிற்சாலைகளில் உள்ளதுதான்.

கடைகள் நம்மிடம் கேட்கப்போவது இவ்வளவு: ஜனவரியில் 10,000 நோட்டு, பிப்ரவரியிலும் 10,000, மார்ச்சில் 20,000, ஏப்ரலில் 40,000, மே மாதத்தில் ஒரே பாய்ச்சலாக 1,00,000, ஜூனில் 60,000. ஆறு மாதமும் சேர்த்து 2,40,000. ஒரு தொழிலாளி மாதம் 5,000 நோட்டு முடிப்பார். இப்போது நம்மிடம் 8 பேர் இருக்கிறார்கள்.

முதல் வழி, எதைப் பற்றியும் பதறாமல் மாதா மாதம் ஒரே அளவாகச் செய்துகொண்டே போவது. 2,40,000-ஐ ஆறால் வகுத்தால் மாதம் 40,000. எட்டுப் பேரும் எப்போதும்போல வேலை செய்தால் போதும். ஜனவரியில் 40,000 செய்து 10,000 விற்றால் 30,000 மிஞ்சும். அதைக் குடோனில் அடுக்குகிறோம். பிப்ரவரி முடிவில் 60,000, மார்ச் முடிவில் 80,000, ஏப்ரலிலும் அதே 80,000. மே மாதம் கடைகள் ஒரு லட்சம் கேட்கும்போது அந்த அடுக்கு சரசரவென்று கரைந்து 20,000 ஆகிறது. ஜூன் முடிவில் குடோன் காலி. இதைச் சீரான உற்பத்தி என்பார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் குடோனில் தூங்கும் நோட்டு சும்மா தூங்குவதில்லை. ஒரு நோட்டுக்கு 20 ரூபாய் தாளும் கூலியுமாகச் செலவாகியிருக்கிறது என்று வைப்போம். அந்தப் பணம் கடன் வாங்கியது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஒவ்வொரு நோட்டும் மாதத்துக்கு 20 காசு தின்கிறது. குடோன் வாடகைக்கும், ஈரம் பட்டும் கரையான் அரித்தும் கெடுவதற்கும் சேர்த்து இன்னும் 5 காசு. ஆக ஒரு நோட்டை ஒரு மாதம் வைத்திருந்தால் 25 காசு.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மிஞ்சியதைக் கூட்டிப் பாருங்கள். 30,000 + 60,000 + 80,000 + 80,000 + 20,000 = 2,70,000. இதை 25 காசால் பெருக்கினால் 67,500 ரூபாய். காத்திருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

இரண்டாவது வழி, கடைகள் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவு மட்டும் செய்வது. குடோனே வேண்டாம். தேவை ஓடும் பக்கமெல்லாம் நாமும் பின்னால் ஓடுகிறோம். தேவையைத் துரத்தும் உற்பத்தி என்பது இதுதான். ஜனவரியில் 10,000 நோட்டுக்கு 2 பேர் போதும். பிப்ரவரியிலும் 2 பேர். பிறகு 4, 8, மே மாதத்தில் 20, ஜூனில் 12.

ஆறு மாதத்துக்கும் கூட்டினால் இரண்டு வழியிலும் 48 ஆள்-மாதச் சம்பளம்தான். எனவே சம்பளத்தில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் ஆட்கள் வருவதிலும் போவதிலும் இருக்கிறது. புதிதாக வருபவருக்குக் கோடு பார்க்க, தாள் எண்ண, பின் நேராக அடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்கும்வரை தாள் வீணாகும். ஒருவருக்கு 3,000 ரூபாய் என்று வைப்போம். வேலையை விட்டு அனுப்பும்போது கணக்குத் தீர்க்க 2,000 ரூபாய். எட்டில் தொடங்கி இரண்டுக்கு இறங்கி, இருபதுக்கு ஏறி, கடைசியில் மறுபடி எட்டுக்கு வருவதற்குள் மொத்தம் 18 பேரைச் சேர்த்திருப்போம், 18 பேரை அனுப்பியிருப்போம். செலவு 54,000 + 36,000 = 90,000 ரூபாய்.

இதில் ரூபாயில் வராத ஒன்றும் இருக்கிறது. ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆறு பேரின் வீடுகளில் பிப்ரவரி மாத அரிசிக்கு என்ன வழி? அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் மே மாதம் நாம் கூப்பிடும்போது வரமாட்டார்கள். தேர்ந்த கைகளை இழப்பதன் விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முழுசாக ஏறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மே மாதம் 20 பேர் வேலை செய்ய 20 பேருக்குத் தேவையான இயந்திரங்கள் வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவற்றில் பாதிக்குமேல் துணி போர்த்திக் கிடக்கும்.

அப்படியானால் சீரான உற்பத்திதானே எப்போதும் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 90,000-ஐ 2,70,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 33 காசு வரும். ஒரு நோட்டை ஒரு மாதம் வைத்திருக்க 33 காசுக்குக் குறைவாக ஆகும்வரை சேர்த்து வைப்பது லாபம். அதைத் தாண்டினால் துரத்துவது லாபம். வட்டி ஏறினாலோ குடோன் வாடகை கூடினாலோ, நேற்றுச் சரியாக இருந்த வழி இன்று தவறாகிவிடும்.

சில பொருள்கள் இந்தக் கணக்குக்கே வராது. தேதி கிழிக்கும் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் அரசு விடுமுறை நாட்கள் தெரிந்த பிறகுதான் அதை முழுதாக அச்சடிக்க முடியும். அட்டையில் கடையின் பெயர் வேறு போட வேண்டும். பொங்கல் தாண்டினால் விற்காத காலண்டர் எடைக்குப் போகும் பழைய தாள்தான். அதனால் காலண்டர் அச்சகத்தார் ஆண்டுக் கடைசியில் இராப்பகலாக ஓடித்தான் ஆக வேண்டும். பட்டாசு நேர்மாறு. தீபாவளிக்கு முன் ஒரே மாதத்தில் அவசர அவசரமாகச் செய்வது உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே செய்யலாம், ஆனால் உரிமத்தில் சொன்ன அளவுக்குமேல் ஒரே இடத்தில் குவிக்கச் சட்டம் விடாது. நோட்டு எளிதில் கெடாது, வெடிக்காது, ஆண்டும் மாறாது. அதனால்தான் அதற்கு இரண்டு வழியும் திறந்திருக்கின்றன.

நடுவழி ஒன்றும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை 6 பேர், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 பேர். மாத முடிவுகளில் மிஞ்சுவது 20,000, 40,000, 50,000, 60,000, 10,000, பிறகு பூஜ்யம். மொத்தம் 1,80,000. வைத்திருக்கும் செலவு 45,000. தொடக்கத்தில் 2 பேரை அனுப்புகிறோம், ஏப்ரலில் 4 பேரைச் சேர்க்கிறோம், கடைசியில் 2 பேரை அனுப்புகிறோம். அதற்கு 20,000. ஆக 65,000 ரூபாய். முதல் இரண்டு வழிகளையும்விடக் குறைவு.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 1950-களில் நான்கு பேர் ஒரு வண்ணப்பூச்சு ஆலைக்காக இதே கேள்வியைக் கணக்கில் எழுதினார்கள். ஹோல்ட், மோடிக்லியானி, மூத், சைமன் என்பவர்கள் அவர்கள். 1960-இல் அது புத்தகமாக வந்தது. பிற்காலத்தில் சைமனும் மோடிக்லியானியும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் கணக்கில் ஒரு நுட்பம் இருந்தது. ஆட்களின் எண்ணிக்கையை மாற்றும் செலவு, மாற்றத்தின் வர்க்கமாக ஏறும் என்று வைத்தார்கள். அதாவது 4 பேரைச் சேர்க்கும் தொல்லையைவிட 8 பேரைச் சேர்க்கும் தொல்லை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நம் பட்டறையில் நின்று பார்த்தால் இது புரியும். 6 அனுபவசாலிகள் நடுவே 4 புதியவர்கள் என்றால் ஆளுக்கொருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம். 4 அனுபவசாலிகள் நடுவே 8 புதியவர்கள் வந்தால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? பின் கோணலாக அடித்த நோட்டுகள்தான் மலையாகச் சேரும்.

திட்டம் போட்டாயிற்று என்று காகிதத்தை மடித்து வைத்துவிடவும் கூடாது. இந்தக் கணக்கு முழுவதும் கடைகள் எவ்வளவு கேட்கும் என்ற ஊகத்தின்மேல் நிற்கிறது. எனவே பெரிய தொழிற்சாலைகளில் விற்பனை பார்ப்பவரும் உற்பத்தி பார்ப்பவரும் பணம் பார்ப்பவரும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்காருகிறார்கள். நம் நடுவழித் திட்டப்படி பிப்ரவரி கடைசியில் குடோனில் 40,000 நோட்டு இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 52,000 இருக்கிறது என்று வையுங்கள். உற்பத்தி திட்டப்படிதான் நடந்தது என்றால் கடைகள் 12,000 குறைவாக வாங்கியிருக்கின்றன. கடைகள் தாமதமாக வாங்குகின்றனவா, அல்லது பள்ளிகள் நீள நோட்டுக்கு மாறிவிட்டனவா? தாமதம் என்றால் திட்டத்தை அப்படியே விடலாம். அளவே மாறிவிட்டதென்றால் பழைய அளவில் தாள் வெட்டுவதை அன்றே நிறுத்த வேண்டும். ஜூன் முடிந்தும் மிஞ்சும் நோட்டு அடுத்த மே வரை மாதம் 25 காசு தின்றுகொண்டே கிடக்கும்.

இப்போது பென்சிலை எடுங்கள். முதல் மூன்று மாதம் 4 பேர், அடுத்த மூன்று மாதம் 12 பேர் என்று வைத்து, நான் சொன்ன அதே விலைகளில் கணக்குப் போடுங்கள். 62,500 ரூபாய் வந்தால் நீங்கள் போட்டது சரி. 65,000-ஐவிட இது குறைவுதான். ஆனால் மே 31 அன்று குடோனில் எத்தனை நோட்டு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லை. அந்த மாதம் இரண்டு நாள் மின்சாரம் நின்றாலோ, ஏதோ ஒரு கடை ஆயிரம் நோட்டு அதிகம் கேட்டாலோ கொடுக்க முடியாது. 6, 10 திட்டத்தில் அன்றைக்கு 10,000 நோட்டு மிச்சம் இருக்கும், ஜனவரியில் வீட்டுக்குப் போவோரும் 4 பேர் அல்ல, 2 பேர்தான். 2,500 ரூபாய் அதிகமானாலும் என் பட்டறைக்கு நான் அந்தத் திட்டத்தையே எடுப்பேன்.