மூன்று இழுப்பா, நாலு இழுப்பா?

அப்பாவுக்கு எண்பது முடிகிறது என்றதும் வீட்டில் சதாபிஷேகப் பேச்சு தொடங்கியது. 'ஆயிரம் பிறை கண்டவர்' என்று பத்திரிகையில் அச்சடிக்கலாமா என்று தம்பி கேட்டான். அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கிழித்த காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சராசரி 29.53 நாள். எண்பது வருஷத்துக்கு 29,220 நாள். வகுத்தால் 989 பிறைதான் வருகிறது. "பாக்கி பதினொண்ணு இருக்கு. பாக்கியை வெச்சுக்கிட்டு கண்டவர்னு எப்படிப் போடறது?" என்றார். ஆயிரம் நிறைய எண்பது வருஷமும் ஏறக்குறைய பத்தே கால் மாதமும் ஆகும். அதனால்தான் பல குடும்பங்களில் எண்பது முடிந்து சில மாதம் கழித்துச் சதாபிஷேகம் வைக்கிறார்கள். எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் லீவுதான் நாளைக் குறித்தது. ஆகவே பத்திரிகையில் வெறும் 'எண்பது' என்று போட்டோம்.

அந்தக் காலண்டர் தாள்தான் பாட்டுக்கு வித்து. பேரப்பிள்ளைகள் ஏழு பேர். மூத்தவளுக்குப் பத்தொன்பது, கடைசிப் பையனுக்கு ஆறு. தாத்தாவைப் பற்றி மாலையில் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாட்டேன், நீங்களே எழுதுங்கள், நான் தாளம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதலில் பட்டியல் போட்டார்கள். காலையில் பேப்பர் படிப்பார், நடக்கப் போவார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். இந்த மூன்றையும் அடிக்கச் சொன்னேன். எதிர்வீட்டுத் தாத்தாவும் இதையெல்லாம்தான் செய்கிறார். கண்ணாடி ஜோக்குக்குச் சபை சிரிக்கும், ஆனால் அந்தச் சிரிப்பு எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும். 'இது நம்ம தாத்தா மட்டும்தான்' என்று ஏழு பேரும் ஒரே நேரத்தில் சொல்கிற சங்கதி மட்டும் நிற்கட்டும் என்றேன். முப்பதுக்கு மேல் இருந்த பட்டியல் ஒன்பதாகச் சுருங்கியது.

அந்த ஒன்பதில் இரண்டை நானே எடுத்தேன். ஒன்று, 'சாப்பிட்டாச்சா' என்று ஒரே ஆளிடம் மூன்று தடவை கேட்பது. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்குத் தெரியும், அது வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அது பழக்கம் இல்லை, வயசு. இன்னொன்று காது மந்தம். ஒரு மனிதர் தானே தேர்ந்து ஐம்பது வருஷமாகச் செய்துவருவதைக் கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அவரை மீறி வந்து ஒட்டிக்கொண்டதைச் சபையில் பாடினால் சிரிக்கிற முகத்துக்குள் சுருங்கிப்போவார். சந்தேகம் வந்தால் அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். "இது கல்யாணமான புதுசிலேயே இருந்ததா பாட்டி?" ஆம் என்றால் பாட்டில் சேரும்.

பூட்டு விஷயம் அந்தக் கேள்வியில் முதல் வகுப்பில் தேறியது. வெளியே கிளம்பினால் அப்பா பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்தும் பார்ப்பார். எங்களுக்கெல்லாம் அது அவருடைய சந்தேகப் புத்தி. மூத்தவள்தான் 'ஏன் தாத்தா' என்று நேராகவே போய்க் கேட்டாள். அப்பா வங்கியில் கேஷியராக இருந்தவர். பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டும் இரண்டு பேரிடம். இரண்டையும் போட்டால்தான் திறக்கும், மூடும். சாயங்காலம் மூடியதும் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், தான் பார்க்காத நேரத்தில் இவர் இழுத்துவிட்டார் என்று மேலதிகாரி மறுபடி இழுக்கச் சொல்லியிருக்கிறார். அன்று கைக்கு வந்தது ரிடையர் ஆகியும் போகவில்லை. என் அப்பாவுடன் ஐம்பது வருஷம் இருந்தும் இதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சரி, மெட்டு. சினிமாப் பாட்டு மெட்டில் வார்த்தையை மாற்றிப் போடுவதுதான் பிள்ளைகளின் முதல் யோசனை. ஒருநாள் முயன்று பார்த்தார்கள். அந்த மெட்டில் இழுக்க வேண்டிய இடத்தில் இவர்கள் வார்த்தையில் குறில் வந்து விழுந்தது. 'தினமும்' என்பது 'தினாமும்' ஆயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை, கேட்கிறவர் காதில் பழைய வரிதான் ஓடும், புது வரி ஏறாது. ஆகவே கும்மிக்கு வந்தோம்.

கும்மியின் கணக்குக் குழந்தைக்கும் புரியும். ஒரு வரிக்கு எட்டுக் கைத்தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று அசை. எட்டாவது தட்டுக்கு மட்டும் ஒரே அசை, மிச்சம் இழுப்பு. இங்கே அசை என்பது பள்ளிக்கூடத்து நேர், நிரை இல்லை. குறிலோ நெடிலோ, ஒற்று வந்தாலும் வராவிட்டாலும், ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. புதுச்சேரித் தமிழறிஞர் இரா. திருமுருகன் சிந்துப் பாடல்களுக்கு இலக்கணம் வகுத்த 'சிந்துப் பாவியல்' நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஏழு மூன்று இருபத்தொன்று, கூட ஒன்று, ஆக இருபத்திரண்டு அசை. பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தும் சில வரிகள் நொண்டின. 'தாத்தா தினமும் காலையில்' என்று தட்டிப் பாருங்கள். 'தாத்தாதி' என்று முதல் தட்டு முடிந்து, இரண்டாவது தட்டு 'ன' என்ற ஒற்றைக் குறிலில் விழுகிறது. தட்டின் பாரத்தை அந்த எழுத்தால் தாங்க முடியவில்லை. தட்டு விழும் எழுத்து நெடிலாகவோ, பின்னால் ஒற்று வரும் குறிலாகவோ இருந்தால் தாங்கும். வார்த்தை நடுவில் உடைந்தால்கூடப் பரவாயில்லை. இது எந்த நூலிலும் படித்ததில்லை, தட்டித் தட்டிக் கண்டது. கடைசியில் பூட்டுக்கு இப்படி வந்தது:

பூட்டிய பூட்டையே மூன்றுமு றைஇழுத்
தாட்டிய பின்னரும் நம்பவில்லை
ரோட்டைக் கடந்தவர் பஸ்ஸையும் விட்டுட்டு
வீட்டுக்குத் தாத்தா திரும்பிவந்தார்

தட்டு விழும் இடம் பிரித்தால் முதல் வரி: பூட்டிய / பூட்டையே / மூன்றுமு / றைஇழுத் / தாட்டிய / பின்னரும் / நம்பவில் / லை. அச்சில் இரண்டாக மடித்திருந்தாலும் தட்டுக் கணக்கில் ஒரே வரி. பூட்டி, ஆட்டி, ரோட்டை, வீட்டு என்று எதுகை தானாக வந்து உட்கார்ந்தது. 'விட்டுட்டு' கொச்சை ஆயிற்றே என்று தம்பி முகம் சுளித்தான். கும்மியில் 'விட்டுவிட்டு' என்று பாடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று சொல்லி மூத்தவள் அவன் வாயை அடைத்தாள்.

காலண்டர் தாளுக்கும் ஒரு கண்ணி கிடைத்தது. பின்புறம் எதுவும் அச்சடிக்காத தினசரிக் காலண்டராகத் தேடித்தான் அப்பா வாங்குவார். இல்லாவிட்டால் பால் கணக்கு எதில் எழுதுவது?

காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பியே
பால்கணக் கைஅதில் கூட்டிவைப்பார்
நாலஞ்சு ரூபாய்க்குத் தப்பிருந் தால்மணி
நாலரைக் கேஎழுந் துட்காருவார்

இப்படி ஆறு கண்ணி. ஒவ்வொரு வரியையும் மூத்தவள் ஒரு தடவை பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, மொத்தம் இரண்டரை நிமிடம். எட்டாவது கண்ணி வரை எழுதியிருந்தார்கள், குறைத்தேன். ஆறு வயசுக்காரன் ஐந்தாவது கண்ணிக்கு மேல் சொறிய ஆரம்பித்துவிடுகிறான்.

ஒத்திகையில் தெரிந்த முதல் கோளாறு வேகம். கும்மி கூட்டமாகத் தட்டத் தட்ட ஓடும். யாரும் வேகமாகத் தட்டவில்லை, ஆனால் எல்லாரும் பக்கத்து ஆளை ஒரு மயிரிழை முந்துகிறார்கள். கடைசிக் கண்ணியில் வார்த்தை எல்லாம் மசிந்துவிட்டது. அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து ஒரு தாம்பாளத்தைத் தட்டச் சொன்னோம். அவர் யாருக்காகவும் வேகத்தை மாற்றுகிறவர் இல்லை.

இரண்டாவது, கேட்க வேண்டியவருக்குக் கேட்குமா என்பது. வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் 'ச' போன்ற மெல்லிய மெய்கள் நழுவிவிடும். பாட்டி வீட்டுப் பிள்ளைகளின் குரலோ இயல்பிலேயே மேலே இருக்கிறது. மண்டபத்து ஒலிபெருக்கியும் எதிரொலியும் சேர்ந்தால் அப்பாவின் செவிக்கருவிக்கு வெறும் இரைச்சல்தான் போகும். ஆகவே மைக் வேண்டாம் என்றோம். மண்டபக்காரருக்கு வருத்தம். சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கினோம். வரியை முதலில் ஒற்றைக் குரல் பாட வேண்டும், அதுவும் அப்பாவுக்கு மூன்றடி தூரத்தில், வாயசைவு தெரியும்படி முகத்துக்கு நேராக. பின்வரிசையில் இருக்கிற உறவினருக்குப் பாதிதான் கேட்கும். கேட்காவிட்டால் போகட்டும்.

காலையில் ஹோமம், கலச நீர் அபிஷேகம், மறுபடி ஒரு தாலிகட்டு எல்லாம் முறைப்படி ஆயிற்று. மாலையில் அப்பாவும் அம்மாவும் நாற்காலியில். அம்மா தாம்பாளத்துடன். முதல் கண்ணி பால் கணக்கு. 'நாலரைக்கே' என்றதும் அப்பாவின் வங்கித் தோழர்கள் இரண்டு பேர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அப்பா கணக்குச் சரிபார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதாகப் பூட்டு வந்தது. மூத்தவள் பாடினாள். மற்ற ஆறு பேர் திருப்பிப் பாட வாய் திறக்கும்போது அப்பா கையை உயர்த்தினார். தாம்பாளம் நின்றது.

"மூணு இல்லைடா. நாலு."

"நாங்க எண்ணிப் பார்த்தோமே தாத்தா, மூணுதான்."

"வீட்டுல மூணு. உங்க பாட்டி தெருமுனையில நின்னு 'பூட்டினீங்களா'ன்னு கேப்பா பாரு, அப்போ திரும்பி வந்து ஒண்ணு. அதையும் சேத்துக்கணும்ல?"

அம்மா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் கேக்காத நாள்லயும் வந்து இழுப்பார்" என்றார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் விரலில் எண்ணினேன். மூன்-று-மு, நா-லு-மு. இரண்டும் மூன்று அசை, இரண்டிலும் தட்டு நெடிலில் விழுகிறது. தலையசைத்தேன். அம்மா தாம்பாளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். மூத்தவள் அந்த வரியை முதலிலிருந்து எடுத்தாள், "பூட்டிய பூட்டையே நாலுமு றைஇழுத்..."