தாளம் தப்புவது பாடகரா, ஹெட்போனா?

இணையவழிப் பாட்டுப் போட்டிக்குப் பதிவை அனுப்ப வரும் ஞாயிறு கடைசி நாள். வாசகர் கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: “கரோக்கியோடு சேர்ந்துதான் பாடினேன்; கேட்டுப் பார்த்தால் குரல் பின்னால் இழுக்கிறது.” சிலர் தங்கள் தாள ஞானத்தையே சந்தேகிக்கிறார்கள். புளூடூத் ஹெட்போனில் பாடியிருந்தால், தவறு பெரும்பாலும் உங்களுடையது அல்ல.

போன் இசையைச் சுருக்கி, சிறு சிறு துண்டுகளாக ஹெட்போனுக்கு அனுப்புகிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி வாங்க அவகாசம் வேண்டும். அதற்காக ஹெட்போன் கொஞ்சம் இசையைக் கையிருப்பில் வைத்துக்கொண்ட பிறகே ஒலிக்கிறது. பாட்டு அறுபடாமல் கேட்பதும் இதனால்தான், தாமதம் வருவதும் இதனால்தான். சாதாரண புளூடூத்தில் அது பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி. சினிமா பார்க்கும்போது வீடியோ செயலி படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை.

நிமிடத்துக்கு 75 தட்டு போகும் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 800 மில்லி விநாடி. அதில் ‘தகதிமி’ சொன்னால் எழுத்துக்கு 200. தாமதமும் 200 என்றால், போன் அனுப்பிய ‘த’ உங்கள் காதில் விழும்போது போனின் கணக்கில் ‘க’ வந்துவிட்டது. காதில் கேட்ட ‘த’வோடு நீங்கள் துல்லியமாகச் சேர்ந்து பாடுகிறீர்கள். போனோ அந்தக் குரலை ‘க’ இருக்கும் இடத்தில் பதிகிறது. பாடும்போது எந்தப் பிசகும் தெரியாது. கலந்து கேட்டால் பாட்டு முழுக்க ஓர் எழுத்து பிந்தி நிற்கும்.

உங்கள் குரலையே ஹெட்போனில் திருப்பிக் கேட்கவைக்கும் வசதி இன்னும் மோசம். தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் பேச்சே தடுமாறும் என்று பெர்னார்ட் லீ 1950இலேயே எழுதினார். 200 மில்லி விநாடியை ஒட்டித்தான் அந்தத் தடுமாற்றம் உச்சம். புளூடூத்தில் பாடுவோர் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட ‘குறைந்த தாமதம்’ என்ற வாசகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். போன், ஹெட்போன் இரண்டிலும் அந்தச் சிறப்பு முறை இருந்தால்தான் அது பலிக்கும். நீங்களே அளந்துவிடலாம். கூர்மையான தட்டொலி உள்ள டிராக்கை ஓடவிட்டு, இயர்பட்டைப் போனின் மைக் அருகே பிடித்து, பாடாமல் பதியுங்கள். பதிந்த தட்டு மூலத்தட்டுக்கு எவ்வளவு பிந்துகிறதோ, குரலை அவ்வளவு முன்னே நகர்த்தினால் தாளம் சேரும். ஹெட்போனைத் துண்டித்து மறுபடி இணைத்தால் அளவு மாறக்கூடும், திரும்பவும் அளந்துகொள்ளுங்கள்.

ஒரு காதைத் திறந்து வைத்தால்? பயனில்லை, மற்ற காதில் டிராக் பிந்தியேதான் வரும்.

ஹெட்போன் மைக்கில் பாடலாமா? வேண்டாம், பெரும்பாலும் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி ஒலித்தரம் விழும்.

கிடார், வீணைக்கு? இதே கணக்குதான்.

போனின் ஸ்பீக்கரில்? தாமதம் குறையும், ஆனால் டிராக்கும் மைக்கில் ஏறும்.

ஞாயிறுக்குள் மறுபடி பாட முடிந்தவர்கள் கம்பி இயர்போன் மாட்டிப் பாடுங்கள்.