தீபாவளி ஏன் தேதி மாறுகிறது?

புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் தீபாவளி எப்போது என்றுதான் முதலில் தேடுகிறோம். சுதந்திர தினத்தை யாரும் தேடுவதில்லை. அது ஆகஸ்ட் 15. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25, காந்தி ஜயந்தி அக்டோபர் 2. இவை நிலையான தேதி விடுமுறைகள். ஆண்டுக்கு ஆண்டு கிழமைதான் மாறும். 365 நாளில் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சுவதால், 2025-இல் வெள்ளிக்கிழமை வந்த சுதந்திர தினம் 2026-இல் சனிக்கிழமை வருகிறது.

நகரும் விடுமுறைகள் பெரும்பாலும் நிலவைப் பார்த்து வருபவை. பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். ஆங்கில ஆண்டைவிட அது 11 நாள் குறைவு. அதனால் நிலவுக் கணக்கில் வரும் பண்டிகை ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவுக்கு முன்னால் வந்துவிடும். ரம்ஜானைப் பாருங்கள்: 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. இந்த நகர்வை இஸ்லாமிய நாட்காட்டி சரிக்கட்டுவதில்லை. எனவே ரம்ஜான் கோடை, மழை, பனி என எல்லாக் காலங்களிலும் வந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது.

தீபாவளியும் நிலவைப் பார்த்து வருவதுதான். ஆனால் அது ஐப்பசியை விட்டு வெளியே போவதில்லை. ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி என்பது நம் வழக்கம். நிலவு திதியைச் சொல்கிறது, சூரியன் மாதத்தைச் சொல்கிறது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, அதாவது ஐப்பசி 14. 2025-இல் 11 நாள் முன்னால் வந்து அக்டோபர் 20, ஐப்பசி 3. அடுத்த ஆண்டும் அப்படியே பின்வாங்கினால் அக்டோபர் 9 ஆகும். அன்று இன்னும் புரட்டாசி! ஆகவே அடுத்த தேய்பிறைவரை ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போய், 2026-இன் தீபாவளி நவம்பர் 8-இல் விழுகிறது. ஒரே நிலவைப் பின்பற்றும் இரு பண்டிகைகளில் ஒன்று ஆண்டு முழுக்கச் சுற்றுவதும், மற்றொன்று ஒரு மாதத்துக்குள் ஊசலாடுவதும் இந்த ஒரு திருத்தத்தால்தான். நாட்காட்டிக் கணக்கில் எனக்கு மிகவும் அழகாகப் படுவது இதுவே.

பொங்கல் சூரியனை மட்டும் பார்ப்பது. தை பிறப்பது ஜனவரி 14 அல்லது 15 என்பதால் நிலையான விடுமுறைபோலவே தோன்றுகிறது.

பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தீபாவளித் தேதியைப் பஞ்சாங்கக் கணக்கால் முன்பே சொல்லிவிடலாம். ஆனால் ரம்ஜான், பக்ரீத், மிலாது நபி ஆகியவை பிறை தெரிவதைப் பொறுத்தவை. 2024-இல் தமிழக அரசு செப்டம்பர் 16 என்று அறிவித்திருந்த மிலாது நபி விடுமுறையை, பிறை தெரிந்த கணக்குப்படி 17-க்கு மாற்றியது. இந்தப் பண்டிகைகளுக்கு டிக்கெட் எடுக்கும்போது, காலண்டரில் அச்சான தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் இடம் விட்டு வையுங்கள்.