மாநாட்டின் எதிரொலி – 6: ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுகிறோமா?

ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும் சமயத்தில், ஒரு சனி ஞாயிறில், பிரஸ்ஸல்ஸில் 'ஃபாஸ்டெம்' என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு கூடும். நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. வந்தவர்கள் இன்னின்னார் என்று சொல்லும் பட்டியல் யாரிடமும் இருக்காது. அதனால்தான் கூட்டம் கலைந்ததும் ஹேஷ்டேக்கை எண்ணிப் பார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. 2025 பிப்ரவரி 1, 2 தேதிகளில் நடந்த கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஹேஷ்டேக் #FOSDEM2025. ஆண்டு போடாமல் #FOSDEM என்று மட்டும் எழுதுகிறவர்களும் உண்டு என்பதால் இரண்டையும் தேட வேண்டும்.

ட்விட்டரில் இந்த வேலை சுலபமாக இருந்தது. மார்ட்டின் ஹாக்ஸி உருவாக்கிய TAGS என்ற கூகுள் ஷீட்டில் ஹேஷ்டேக்கைக் கொடுத்துவிட்டால் பதிவுகள் தாமாக வந்து சேரும். 2023-இல் ட்விட்டர் தன் இலவச வாசலை மூடியதோடு அந்தக் காலம் முடிந்தது. ஃபாஸ்டெம் பக்கம் போகிறவர்களில் பலர் இப்போது இருப்பது மாஸ்டடானில். அது ஒரே நிறுவனத்தின் தளம் அல்ல. தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலை. நம் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சர்வரிடம் இப்படிக் கேட்கலாம்:

```
curl "https://mastodon.social/api/v1/timelines/tag/fosdem2025?limit=40"
```

ஒரு தடவைக்கு அதிகபட்சம் 40 பதிவுகள் வரும். கடைசிப் பதிவின் எண்ணை `max_id` என்று சேர்த்துக் கேட்டால் அதற்கு முந்தையவை கிடைக்கும். சில சர்வர்கள் லாகின் செய்தால்தான் பதில் தரும். மாநாடு நடக்கும்போதே மணிக்கொரு முறை இதைச் செய்துவருவது நல்லது. பழைய பதிவுகள் தானாக அழியும்படி அமைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்; வெளியிலிருந்து வந்த பழைய பதிவுகளைக் கழித்துவிடும் சர்வர்களும் இருக்கின்றன.

எந்த சர்வரும் முழுப் பட்டியலைத் தராது. அங்குள்ள யாராவது பின்தொடரும் ஆளின் பதிவோ, யாராவது பகிர்ந்த பதிவோதான் பெரும்பாலும் அந்த சர்வருக்கு வந்து சேரும். ஆகவே fosstodon.org, mastodon.social என்று பல இடங்களில் கேட்டு ஒன்றுசேர்க்கிறோம். சேர்த்தவுடன் எண்ணிக்கை வீங்கிவிடும்.

சிறிய கணக்காகப் போட்டுப் பார்ப்போம். fosstodon.org 4 பதிவுகளும் mastodon.social 5 பதிவுகளும் தருகின்றன. அவற்றில் 3 இரண்டிலும் உள்ளவை. வரிகளை எண்ணினால் 9, உண்மையில் இருப்பது 6. ஆனால் `id` என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு சர்வரும் ஒரே பதிவுக்குத் தன் சொந்த எண்ணைக் கொடுக்கிறது. எங்கும் மாறாமல் இருப்பது `uri`. அதை வைத்துத்தான் இரட்டைகளை நீக்க வேண்டும்.

ஆட்களிலும் இதே கதைதான். மாநாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு fosstodon.org-இல் இருக்கிறது. அந்த சர்வரிடம் கேட்டால் `acct` என்ற இடத்தில் `fosdem` என்று மட்டும் வரும். வேறு சர்வரிடம் கேட்டால் `fosdem@fosstodon.org` என்று வரும். அந்த 6 பதிவுகளையும் 4 பேர்தான் எழுதினார்கள் என்று வையுங்கள். அவர்களில் இருவர் இந்த இரண்டு சர்வர்களைச் சேர்ந்தவர்கள், இருவர் பதிவும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது என்றால், பெயரை வைத்து எண்ணும்போது 6 பேர் ஆகிவிடுவார்கள். கணக்கின் `url`-ஐ வைத்து எண்ணினால் 4 என்று சரியாக வரும். `bot` என்று குறி போட்டிருக்கும் தானியங்கிக் கணக்குகளைத் தனி வரியில் காட்டுவதே நேர்மை என்பது என் கருத்து. நாள்வாரியாகப் பிரிப்பவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். `created_at` காட்டுவது யுடிசி நேரம். பிரஸ்ஸல்ஸ் பிப்ரவரியில் அதைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். ஞாயிறு அதிகாலை 12.30-க்கு எழுதியது சனிக்கிழமைக் கணக்கில் விழுந்துவிடும்.

அதிகம் பகிரப்பட்ட பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. ஒரு சர்வர் காட்டும் பகிர்வு, விருப்ப எண்கள் பெரும்பாலும் அதற்குத் தெரியவந்தவை மட்டுமே. முதல் ஐம்பது பதிவுகளையாவது அவை பிறந்த சர்வரிலேயே திரும்பப் பார்த்து, எண்களைத் திருத்தி, பிறகு வரிசைப்படுத்துங்கள். இதை மாநாடு முடிந்த மறுநாளே செய்தால் ஞாயிறு மாலை எழுதியவர்களுக்கு அநியாயம். அவர்கள் பதிவுக்குப் பகிர்வு சேர இன்னும் சில நாள் ஆகும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் யாராவது தம் பதிவை நீக்கியிருந்தால் நம் தொகுப்பிலிருந்தும் அதை எடுத்துவிட வேண்டும். அவர் விலக்கிக்கொண்ட சொல்லை வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

இவ்வளவும் செய்து கிடைக்கும் 'பங்கேற்றோர்' எண், நாம் தேடிய சர்வர்களுக்கு எட்டிய பொதுப் பதிவுகளில், அந்த ஹேஷ்டேக்கை எழுதிய கணக்குகளின் எண். வளாகத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு ஒரு வரியும் எழுதாதவர் இதில் இல்லை. வீட்டிலிருந்து நேரலை பார்த்து எழுதியவர் இருக்கிறார். ஹேஷ்டேக் போடாமல் பதிலுக்குப் பதில் வாதாடியவர்களும் இல்லை. பல சமயம் சூடான விவாதம் நடப்பதே அந்தப் பதில்களில்தான். அவற்றைப் பிடிக்க, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பதிவுக்கும் `/context` என்ற முகவரியைத் தனியாகக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)